ஒப்பந்தம் எந்த மெயிலில் உருவானது? விலை பேசி முடிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சரக்கு வாங்குவது, இயந்திரம் விற்பது, வேலைக்கு ஆர்டர் எடுப்பது எல்லாம் இன்று நாலைந்து மெயிலிலும் இரண்டு வாட்ஸ்அப் செய்தியிலும் முடிந்துவிடுகின்றன. இரு தரப்பும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது பல நேரங்களில் நடப்பதே இல்லை. பிறகு தகராறு வந்து வக்கீலிடம் போனால், அவர் முதலில் கேட்பது யார் செய்தது நியாயம் என்பதையல்ல. ஒப்பந்தம் உருவானதா, உருவானால் எந்தச் செய்தியில், யாருடைய நிபந்தனைப்படி என்று கேட்பார். இந்த மூன்றுக்கும் பதில், நீங்கள் அனுப்பிய மெயில்களின் வாசகத்திலும் வரிசையிலும்தான் இருக்கும்.

இங்கே சொல்லும் விதிகள் பெரும்பாலும் ஆங்கிலப் பொதுச் சட்ட மரபில் வந்தவை. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் சட்டங்களும் இதே அடித்தளத்தில்தான் நிற்கின்றன. வெவ்வேறு நாடுகளில் இருக்கும் வணிகர்களுக்கு இடையிலான சரக்கு விற்பனையை, பல நாடுகளில், 1980-ஆம் ஆண்டின் ஐ.நா. வியன்னா உடன்படிக்கை ஆள்கிறது. அது மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். நிலம், வீடு சம்பந்தப்பட்டவற்றுக்கு எழுத்து, முத்திரை, பதிவு என்று தனிச் சடங்குகள் உண்டு. அவற்றை இந்த வழிகாட்டியை மட்டும் நம்பிச் செய்ய வேண்டாம்.

## 1. உங்களிடம் வந்திருப்பது முன்மொழிவுதானா என்று பாருங்கள்

எதிர்த் தரப்பு எழுதியதற்கு நீங்கள் "சரி" என்ற ஒரே சொல்லைப் பதிலாக அனுப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் பேசித் தீர்க்க வேண்டிய முக்கிய விஷயம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? பொருள் எது, எத்தனை, என்ன விலை என்பது தெளிவாக இருந்து, "நீங்கள் சம்மதித்தால் நான் கட்டுப்படுகிறேன்" என்ற எண்ணமும் வாசகத்தில் தெரிந்தால் அது முன்மொழிவு. இல்லையென்றால் அது பேச்சுவார்த்தைக்கான அழைப்பு மட்டுமே.

விலைப்பட்டியல், விளம்பரம், கேட்லாக் ஆகியவை வழக்கமாக அழைப்பு வகைதான். அவற்றைப் பார்த்து நீங்கள் அனுப்பும் ஆர்டர்தான் முன்மொழிவு. அதை ஏற்கலாமா வேண்டாமா என்பது விற்பவர் கையில் இருக்கிறது. ஆன்லைனில் ஆர்டர் போட்டதும் வரும் "உங்கள் ஆர்டர் கிடைத்தது" என்ற தானியங்கி மெயிலும் பெரும்பாலும் ஏற்பு ஆகாது. பல தளங்கள், பொருளை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் உருவாகிறது என்று தங்கள் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றன.

கொட்டேஷன் இரண்டு வகையாகவும் இருக்கலாம், அதனால்தான் அதில் ஏமாறுகிறோம். "இப்போதைய விலை சுமார் இவ்வளவு, இருப்பைப் பொறுத்து மாறலாம்" என்றால் அழைப்பு. அளவு, விலை, டெலிவரி நாள், "இந்தத் தேதி வரை செல்லும்" எல்லாம் இருந்தால் அநேகமாக முன்மொழிவு. தலைப்பில் கொட்டேஷன் என்று போட்டிருப்பதால் மட்டும் எதுவும் முடிவாகிவிடாது.

## 2. கெடுவையும் பதில் சொல்லும் வழியையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

முன்மொழிவைப் படித்ததும் இரண்டு தகவல்களைத் தனியே எழுதி வையுங்கள்: எப்போது வரை பதில் சொல்லலாம், எந்த வழியில் சொல்ல வேண்டும். கெடு கொடுக்கப்படவில்லை என்றால் "நியாயமான காலம்" வரை முன்மொழிவு உயிரோடு இருக்கும். அது எவ்வளவு என்பது பொருளைப் பொறுத்தது. விலை தினமும் ஏறி இறங்கும் சரக்குக்கு ஒரு நாள்கூட அதிகமாகலாம், இயந்திரத்துக்கு இரண்டு வாரம் போதாமலும் போகலாம். இந்த நிச்சயமின்மையைத் தலையில் கட்டிக்கொள்வதைவிட, "எந்தத் தேதி வரை இது செல்லும்?" என்று ஒரு வரியில் கேட்டுவிடுவது மேல்.

கெடு கொடுத்திருக்கிறார்களே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. பொதுச் சட்ட மரபில், "வெள்ளிக்கிழமை வரை உங்களுக்காக வைத்திருக்கிறேன்" என்று சொன்னவர் புதன்கிழமையே அதைத் திரும்பப் பெறலாம். நீங்கள் அதற்குள் ஏற்றிருக்கக் கூடாது, அவ்வளவுதான். வைத்திருப்பேன் என்ற வாக்கு அவரைக் கட்ட வேண்டுமானால் அந்த வாக்குக்கென்று தனியாக ஒரு தொகை கொடுக்க வேண்டும். இதை ஆப்ஷன் கட்டணம் என்பார்கள். சிறு தொகையானாலும் போதும். ஆனால் எதற்காகக் கொடுக்கப்பட்டது, திரும்பக் கிடைக்குமா, வாங்கினால் விலையில் கழியுமா என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். வியன்னா உடன்படிக்கை இந்த விஷயத்தில் தாராளமானது. அதன் 16-ஆம் பிரிவுப்படி, ஏற்பதற்கென்று நிலையான காலம் குறிப்பிட்டு, அதுவரை திரும்பப் பெறமாட்டேன் என்பதை முன்மொழிவே காட்டினால், பணம் எதுவும் கைமாறாமலே அது கட்டுப்படுத்தும்.

திரும்பப் பெறுவதிலும் நேரக் கணக்கு உண்டு. திரும்பப் பெறும் செய்தி உங்களை வந்து சேர்ந்தால்தான் செல்லும். 1880-இல் தீர்ப்பான பைர்ன் – வான் டீன்ஹோவன் வழக்கில், அக்டோபர் 1 அன்று தபாலில் முன்மொழிவு போனது. 8-ஆம் தேதி அதைத் திரும்பப் பெறும் கடிதம் கிளம்பியது. 11-ஆம் தேதி அந்த முன்மொழிவு வாங்குபவர் கைக்கு வந்தது, அன்றே அவர் தந்தியில் ஏற்றுக்கொண்டார். திரும்பப் பெறும் கடிதமோ 20-ஆம் தேதிதான் வந்தது. ஒப்பந்தம் 11-ஆம் தேதியே உருவாகிவிட்டது என்று தீர்ப்பானது. நீங்கள் விற்பவராக இருந்து மனம் மாறினால், மெயில் அனுப்பியதோடு நிறுத்தாமல் உடனே போன் செய்து சொல்லி, சொன்னதை எழுத்திலும் உறுதிப்படுத்துங்கள்.

## 3. பதில் எழுதும் முன்: கேள்வியா, எதிர்முன்மொழிவா?

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஏற்பு என்பது முன்மொழிவை அப்படியே ஏற்பது. "சரி, ஆனால்..." என்று ஒரு நிபந்தனையை மாற்றினால் அது ஏற்பு அல்ல, எதிர்முன்மொழிவு. அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: பழைய முன்மொழிவை நிராகரிக்கிறது, புதிய ஒன்றை எதிர்த் தரப்பின் முன் வைக்கிறது. நிராகரிக்கப்பட்ட பழைய முன்மொழிவை நீங்களாக மறுபடி உயிர்ப்பிக்க முடியாது.

1840-ஆம் ஆண்டின் ஹைட் – ரெஞ்ச் வழக்கு இதற்கு அடிப்படை. ஒரு பண்ணை 1,000 பவுண்டுக்குத் தருவதாக முன்மொழியப்பட்டது. வாங்க வந்தவர் 950 தருவதாகச் சொன்னார். விற்பவர் மறுத்தார். உடனே இவர் "சரி, 1,000-க்கே எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதினார். ஒப்பந்தம் இல்லை என்றது நீதிமன்றம். 950 என்று சொன்னபோதே 1,000 என்ற முன்மொழிவு தீர்ந்துபோயிருந்தது.

ஆனால் கேள்வி கேட்பது நிராகரிப்பு ஆகாது. 1880-இன் ஸ்டீவன்சன் – மெக்லீன் வழக்கில், இரும்புக்கான விலையைப் பெற்றவர், இரண்டு மாதங்களில் டெலிவரி எடுத்துக்கொள்ள இடம் கொடுப்பீர்களா, இல்லாவிட்டால் அதிகபட்சம் எவ்வளவு காலம் தருவீர்கள் என்று தந்தியில் கேட்டார். பதில் வரவில்லை. பிறகு அவர் முதல் முன்மொழிவையே ஏற்றுத் தந்தி கொடுத்தார். கேட்டது வெறும் விசாரிப்புதான், முன்மொழிவு அப்படியே இருந்தது, எனவே ஒப்பந்தம் உண்டு என்று முடிவானது.

இரண்டுக்கும் நடுவே இருப்பது வாசகம் மட்டும்தான். "9,500-க்குத் தந்தால் எடுத்துக்கொள்கிறோம்" என்பது எதிர்முன்மொழிவு. "விலையில் ஏதாவது குறைக்க இடமிருக்கிறதா?" என்பது கேள்வி. பேரம் பேச வேண்டும், அதே நேரம் கையில் இருப்பதை இழக்கவும் கூடாது என்றால் இப்படி எழுதுங்கள்:

"உங்கள் முன்மொழிவு எங்கள் பரிசீலனையில் இருக்கிறது. அதை நாங்கள் நிராகரிக்கவில்லை. முடிவு செய்வதற்கு உதவியாக ஒரு விளக்கம் மட்டும் தேவை: விலையைக் குறைக்க வாய்ப்பு உண்டா?"

கொஞ்சம் வக்கீல் பாஷையாகத் தெரியும். பரவாயில்லை. "நிராகரிக்கவில்லை" என்ற அந்த ஒரு சொல் பின்னால் பெரிய சண்டையைத் தவிர்க்கும்.

விலையை மாற்றினால்தான் எதிர்முன்மொழிவு என்று நினைக்க வேண்டாம். டெலிவரி நாள், பணம் கட்டும் தவணை, வாரண்டி காலம், தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்பது, இவற்றில் எதைத் தொட்டாலும் அதே விளைவுதான். வியன்னா உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு சற்றே நெகிழ்வானது. முன்மொழிவின் நிபந்தனைகளைப் பெரிதாகப் பாதிக்காத சிறு மாற்றத்தோடு வந்த பதிலை, முன்மொழிந்தவர் தாமதமின்றி ஆட்சேபிக்காவிட்டால் ஏற்பாகவே கொள்கிறது. ஆனால் விலை, பணம் கட்டும் முறை, தரம், அளவு, டெலிவரி இடமும் நேரமும், பொறுப்பின் வரம்பு, தகராறு தீர்க்கும் முறை ஆகியவை எல்லாம் பெரிய மாற்றமே என்று அதே பிரிவு பட்டியல் போட்டுவிடுகிறது. மீதி என்ன இருக்கிறது என்றால், பேக்கிங் விவரம், சான்றிதழின் கூடுதல் பிரதி போன்றவைதான்.

## 4. ஒரு பேரத்தை மெயில் மெயிலாகப் பிரித்துப் பார்ப்போம்

பழைய அச்சு இயந்திரம் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. எந்த நாணயமாக இருந்தாலும் சரி, எண்களை மட்டும் வைத்துக்கொள்வோம்.

திங்கள் காலை, விற்பவர்: "விலை 10,000. அட்வான்ஸ் 25 சதவீதம். 30 நாளில் டெலிவரி, போக்குவரத்துச் செலவு எங்களுடையது. வெள்ளி மாலை 5 மணி வரை செல்லும்." இது முன்மொழிவு, சந்தேகமில்லை.

செவ்வாய், வாங்குபவர்: "மீதித் தொகையை இரண்டு தவணையாகக் கட்ட இடமுண்டா?" இது கேள்வி. முன்மொழிவு அப்படியே இருக்கிறது.

புதன், வாங்குபவர்: "9,500 என்றால் இன்றே முடித்துக்கொள்ளலாம்." இது எதிர்முன்மொழிவு. 10,000 என்ற முன்மொழிவு இங்கே செத்துவிட்டது. வெள்ளி மாலை வரை கெடு இருக்கிறதே என்று கேட்கலாம். நிராகரிக்கப்பட்ட முன்மொழிவுக்குக் கெடு மிச்சம் இருந்தாலும் பயனில்லை. விற்பவர் பதில் போடவில்லை.

வியாழன், வாங்குபவர்: "சரி, 10,000-க்கே எடுத்துக்கொள்கிறோம். உங்கள் திங்கட்கிழமை நிபந்தனைகள் எல்லாம் சம்மதம்." வாங்குபவர் இதை ஏற்பு என்று நம்புகிறார். சட்டத்தின் கண்ணில் இது அவரிடமிருந்து போகும் புதிய முன்மொழிவு. இந்த நேரத்தில் விற்பவர் இயந்திரத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், இவர் கேட்க எதுவும் இல்லை.

வெள்ளி பிற்பகல், விற்பவர் புரோஃபார்மா இன்வாய்ஸ் ஒன்றை அனுப்புகிறார். விலை 10,000, அட்வான்ஸ் 2,500 என்று சரியாக இருக்கிறது. கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: "போக்குவரத்தும் இறக்குகூலியும் வாங்குபவர் பொறுப்பு." திங்கட்கிழமை சொன்னதற்கு இது நேர் எதிர். எனவே இந்த இன்வாய்ஸ் ஏற்பு அல்ல, இன்னொரு எதிர்முன்மொழிவு. இந்த நொடி வரை ஒப்பந்தம் உருவாகவில்லை.

அடுத்த திங்கள், வாங்குபவர் இன்வாய்ஸில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு 2,500 அனுப்புகிறார். ஏற்பதாக அவர் எங்கும் எழுதவில்லை. ஆனாலும் நடத்தையாலேயே ஏற்றுவிட்டார். இன்வாய்ஸைக் குறிப்பிட்டுக் கட்டிய அட்வான்ஸ் விற்பவரை அடைந்தபோது ஒப்பந்தம் உருவாகிவிட்டது, அதுவும் கடைசியாக வந்த இன்வாய்ஸின் நிபந்தனைப்படி. போக்குவரத்துக்கு 800 ஆகிறது என்றால், 500 குறைக்கப் பார்த்தவர் கடைசியில் 10,800 கொடுக்கிறார்.

இதை இரண்டு இடங்களில் தடுத்திருக்கலாம். புதன்கிழமை விலையைக் கேள்வியாகக் கேட்டிருந்தால், வியாழக்கிழமை மெயில் உண்மையான ஏற்பாகி, ஒப்பந்தம் அன்றே திங்கட்கிழமை நிபந்தனைப்படி முடிந்திருக்கும். அதற்குப் பிறகு வரும் இன்வாய்ஸின் சின்ன எழுத்து செல்லாது. முடிந்த ஒப்பந்தத்தை ஒரு தரப்பு தனியாக மாற்ற முடியாது. அது தவறிப்போனாலும், பணம் அனுப்புவதற்கு முன் "போக்குவரத்து உங்கள் பொறுப்பு என்று திருத்திய இன்வாய்ஸ் அனுப்புங்கள், வந்ததும் அட்வான்ஸ் கட்டுகிறோம்" என்று எழுதியிருக்கலாம்.

பெரிய நிறுவனங்களுக்கு இடையே இதே ஆட்டம் அச்சடித்த படிவங்களில் நடக்கிறது. விற்பவரின் கொட்டேஷன் பின்பக்கத்தில் ஒரு நிபந்தனை, வாங்குபவரின் பர்ச்சேஸ் ஆர்டர் பின்பக்கத்தில் வேறொன்று. 1979-இல் வெளியான பட்லர் மெஷின் டூல் வழக்கின் தீர்ப்பில், 75,535 பவுண்டு இயந்திரத்துக்கு விற்பவர் விலையேற்ற நிபந்தனையோடு கொட்டேஷன் கொடுத்தார். வாங்குபவரின் ஆர்டரில் அந்த நிபந்தனை இல்லை. ஆனால் கிழித்து அனுப்ப ஒரு ரசீதுச் சீட்டு இருந்தது: "உங்கள் ஆர்டரை அதில் உள்ள நிபந்தனைகளின்படி ஏற்கிறோம்." விற்பவர் அதில் கையெழுத்திட்டு அனுப்பினார். பின்னால் அவர் கேட்ட கூடுதல் 2,892 பவுண்டு கிடைக்கவில்லை. ஆர்டருக்கான அத்தாட்சி நகலில் கையெழுத்துப் போடும் வேலையை அலுவலகத்தில் யாரிடம் விட்டிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை பாருங்கள். பெரும்பாலும் அது விலை பேசியவராக இருப்பதில்லை.

## 5. மௌனம்: யாருக்கு எப்போது ஆபத்து?

"மௌனம் சம்மதம்" என்ற பழமொழி கல்யாணப் பேச்சில் ஓடலாம், ஒப்பந்தச் சட்டத்தில் ஓடாது. "வெள்ளிக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்" என்று எழுதி எதிர்த் தரப்பைக் கட்ட முடியாது. காரணம் எளிது. அப்படிக் கட்ட முடியுமானால், கேட்காமல் வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் "வேண்டாம்" என்று பதில் எழுதும் சுமை எல்லோர் தலையிலும் விழும்.

1862-இன் ஃபெல்ட்ஹவுஸ் – பிண்ட்லி வழக்கில், ஒருவர் தன் உடன்பிறந்தவரின் மகனுடைய குதிரையை வாங்கப் பேசி, "இனி தகவல் இல்லாவிட்டால் குதிரை 30 பவுண்டு 15 ஷில்லிங்குக்கு என்னுடையது" என்று எழுதினார். பையனுக்கும் விற்க விருப்பம்தான். குதிரையை ஏலத்தில் விட வேண்டாம் என்று ஏலக்காரரிடம்கூடச் சொல்லியிருந்தான். ஆனால் பெரியவருக்குப் பதில் எழுதவில்லை. ஏலக்காரர் மறந்து குதிரையை விற்றுவிட்டார். பெரியவர் வழக்குப் போட்டுத் தோற்றார். மனதில் இருந்த சம்மதம் சொல்லப்படவில்லை, எனவே குதிரை அவருடையதாக ஆகவில்லை. வியன்னா உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவும், மௌனமோ செயலின்மையோ தன்னளவில் ஏற்பு ஆகாது என்று நேரடியாகவே சொல்கிறது.

"தன்னளவில்" என்ற அந்தச் சொல்லில்தான் விதிவிலக்குகள் நுழைகின்றன. பதில் போடாமல் இருந்தாலும் மாட்டிக்கொள்ளக்கூடிய நிலைமைகள் உண்டு.

முதலாவது, பழக்கம். மூன்று வருடமாக ஒரே சப்ளையருக்கு ஆர்டர் அனுப்புகிறீர்கள், அவர் எதுவும் சொல்லாமல் சரக்கை அனுப்பிவிடுகிறார். இந்த ஓட்டம் நிலைத்துவிட்ட பிறகு, ஒரு மாதம் அவர் சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் "நாங்கள்தான் ஏற்கவே இல்லையே" என்று தப்ப முடியாமல் போகலாம். விலை மாறியதால் இந்த மாதம் முடியாது என்றால் ஆர்டர் வந்த அன்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பலனை எடுத்துக்கொள்வது. பணம் எதிர்பார்த்துச் செய்யப்படும் வேலை என்று தெரிந்தும், வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பிருந்தும் சொல்லாமல், வேலையை முடிக்க விட்டு அனுபவித்தால் அது வெறும் மௌனமல்ல. வந்த சரக்கைப் பிரித்து உபயோகித்தாலும் அப்படித்தான். தவறாக வந்ததென்றால் பிரிக்காமல் தனியே வைத்து, எடுத்துப் போகச் சொல்லி எழுதுங்கள். கேட்காமலே நுகர்வோருக்கு அனுப்பிவிட்டுப் பில் போடும் தந்திரத்தைப் பல நாடுகள் தனிச் சட்டத்தால் தடுத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை உத்தரவின் 27-ஆம் பிரிவு, அப்படிப்பட்ட பொருளுக்குப் பதில் சொல்லாதது சம்மதம் ஆகாது என்கிறது.

மூன்றாவது, நீங்களே முன்பு ஒப்புக்கொண்டது. "முடிவதற்கு 60 நாளுக்கு முன் அறிவிக்காவிட்டால் ஒரு வருடம் தானாக நீளும்" என்ற வரி உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், அங்கே மௌனத்துக்குப் பொருள் கொடுத்தவர் நீங்கள்தான். கையெழுத்திடும் நாளிலேயே அந்த 60-ஆம் நாளை, ஒரு வாரம் முன்னதாக, காலண்டரில் போட்டுவிடுங்கள்.

நான்காவது, பலரும் கவனிக்காதது: முன்மொழிந்தவரின் மௌனம். கெடுவுக்குள் சேரும்படி அனுப்பிய ஏற்பு, வழியில் ஏற்பட்ட கோளாறால் தாமதமாக வந்தது என்று பார்த்தாலே தெரிந்தால், வியன்னா உடன்படிக்கையின் 21-ஆம் பிரிவுப்படி, நீங்கள் உடனே மறுக்காவிட்டால் அது செல்லுபடியாகும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவும் இதே போக்கில் போகிறது. கையெழுத்திட்ட கடிதத்தில்தான் ஏற்க வேண்டும் என்று நீங்கள் கேட்டிருக்க, ஏற்பு மெயிலில் வந்தால், நியாயமான காலத்துக்குள் "கடிதம்தான் வேண்டும்" என்று வற்புறுத்த வேண்டும். சும்மா இருந்தால் மெயிலையே ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் இடமும் இதுதான். ஜெர்மனியில் வணிகர்களுக்கு இடையே, பேசி முடித்ததை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் வந்து, அதற்கு உடனே மறுப்புச் சொல்லாவிட்டால், கடிதத்தில் உள்ளபடியே ஒப்பந்தம் நின்றுவிடலாம். வெளிநாட்டுத் தரப்பிடமிருந்து "நாம் பேசியபடி..." என்று ஆரம்பிக்கும் மெயில் வந்தால், அதில் பேசாத ஒன்று இருக்கிறதா என்று அன்றே படித்துப் பதில் போடுங்கள்.

## 6. ஏற்பு மெயிலை எழுதும் முறை, அது சேரும் நேரம்

ஏற்கும் மெயிலில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். முன்மொழிவின் தேதி, கொட்டேஷன் எண் இரண்டையும் குறிப்பிட்டு, "இந்த முன்மொழிவை அதன் எல்லா நிபந்தனைகளோடும் ஏற்கிறோம்" என்று எழுதினால் போதும். கூடுதலாக ஏதாவது கேட்க வேண்டுமென்றால் தனி மெயிலில், ஏற்பு சேர்ந்த பிறகு கேளுங்கள். மெயிலின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் "எங்கள் பொது நிபந்தனைகள் பொருந்தும்" என்ற வரியை அந்த ஒரு மெயிலில் எடுத்துவிடுங்கள். அது ஒன்றே உங்கள் ஏற்பை எதிர்முன்மொழிவாக மாற்றிவிடக்கூடும்.

நேரத்தைப் பொறுத்தவரை தபாலுக்கு ஒரு கணக்கு, உடனடித் தொடர்புக்கு இன்னொரு கணக்கு. தபால் வழி ஏற்பது பொருத்தமான இடங்களில், ஆங்கிலச் சட்டப்படி கடிதத்தைப் பெட்டியில் போட்ட நொடியே ஒப்பந்தம். இந்தியச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் ஒரு நெளிவு உண்டு: கடிதம் கையைவிட்டுப் போனதும் முன்மொழிந்தவர் கட்டுப்படுகிறார், ஏற்றவரோ அது முன்மொழிந்தவருக்குத் தெரிய வரும்போதுதான் கட்டுப்படுகிறார். அதனால் கடிதத்தை முந்திக்கொண்டு ஏற்பைத் திரும்பப் பெற அவருக்கு வழி இருக்கிறது. போன், டெலக்ஸ் போன்றவற்றில், ஏற்பு எதிர்த் தரப்பை அடையும்போதும் அடையும் இடத்திலும்தான் ஒப்பந்தம் என்று இங்கிலாந்தில் 1955-இன் என்டோரஸ் வழக்கும், போனைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1965-ஆம் ஆண்டு பகவான்தாஸ் கேடியா தீர்ப்பும் சொல்கின்றன. வியன்னா உடன்படிக்கையில் எல்லா வழிகளுக்கும் சென்று சேர்வதுதான் கணக்கு.

மெயிலுக்கும் சென்று சேரும் நேரம்தான் கணக்கு என்று வைத்துச் செயல்படுவது பாதுகாப்பு. வெள்ளி மாலை 5 மணிக் கெடு என்றால் 4.58-க்கு அனுப்பாதீர்கள். இணைப்பு பெரிதாக இருந்து மெயில் திரும்பி வரலாம், ஸ்பாமில் விழலாம், முன்மொழிவில் சொன்ன முகவரிக்குப் பதில் வேறொருவர் பெட்டிக்குப் போகலாம். முந்தின நாளே அனுப்பி, "கிடைத்தது என்று ஒரு வரி அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அந்த வரி வராவிட்டால் கெடுவுக்கு முன் போன் செய்யுங்கள்.

## 7. இன்னும் கட்டுப்பட விரும்பாதபோது

விவரமான பத்திரம் பிறகு வரும் என்ற நிலையில் பேசிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு மெயிலிலும் "எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடும் வரை எவரும் கட்டுப்பட்டவரல்ல" என்ற வாசகத்தைச் சேருங்கள். அதைச் சேர்த்துவிட்டு அட்வான்ஸ் வாங்குவது, சரக்கை அனுப்புவது, வேலையை ஆரம்பிப்பது எதையும் செய்யாதீர்கள். எழுத்து ஒன்று சொல்லி நடத்தை வேறு சொன்னால், நீதிமன்றம் நடத்தையின் பக்கம் சாய வாய்ப்பு அதிகம். அவசரமாக வேலை ஆரம்பிக்க வேண்டியிருந்தால், அந்த வேலைக்கு மட்டும், உச்சவரம்புத் தொகை குறிப்பிட்டு, ஒரு பக்கத்தில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

## 8. எடுத்து வைக்க வேண்டிய தாள்கள்

ஒவ்வொரு பேரத்துக்கும் ஒரு ஃபோல்டர் போதும். அதில் முதல் விசாரிப்பு, கொட்டேஷன் (பின்பக்க நிபந்தனைகளோடு), இடையில் வந்த ஒவ்வொரு பதில், பர்ச்சேஸ் ஆர்டர், கையெழுத்திட்ட அத்தாட்சி நகல், இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது எல்லாம் தேதி வரிசையில் இருக்க வேண்டும். மெயிலை ஸ்க்ரீன்ஷாட்டாக அல்லாமல், அனுப்பிய நேரமும் முகவரிகளும் உள்ளே பதிந்திருக்கும் மூலக் கோப்பாகவே சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் பேசியதை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். போனை மாற்றும்போது தொலைவது அதுதான்.

வாய்ப்பேச்சில் முடிந்தது என்றால் அன்றே "இன்று போனில் பேசியபடி" என்று விலை, அளவு, டெலிவரி நாள், போக்குவரத்து யார் பொறுப்பு என்ற நான்கையும் எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்குங்கள். பதில் வரவில்லையா? அந்த மௌனத்தையும் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் கூப்பிட்டுக் கேட்டு, பதில் எழுத்தில் வந்த பிறகு அட்வான்ஸை அனுப்புங்கள்.